கிளுவை வேலி அடியில என்ன இருக்கு: மூணு மீட்டர் தள்ளி நின்னாலே புரியற மாதிரி ஒரு போஸ்டர் பண்ண அனுபவம்

போஸ்டர் செஷன்ல நம்ம போர்டை தாண்டி ஒரு ஆள் நடந்து போறதுக்கு அஞ்சு செகண்ட் ஆகும், கையில டீ இருந்தா இன்னும் ரெண்டு செகண்ட் கூட. அதுக்குள்ள அவர் கண்ணுல என்ன விழுதோ அதை வச்சுதான் நிக்கலாமா போலாமான்னு முடிவு பண்ணுவார். மண்ணுக்குள்ள இருக்கற மைட், ஸ்பிரிங்டெயில் மாதிரி பொடிப் பொடி கணுக்காலிங்க பத்தின சப்ஜெக்ட்டுக்கு இது இன்னும் கஷ்டம், ஏன்னா பாதிப் பேருக்கு அது என்ன ஜீவன்னே தெரியாது, தெரிஞ்ச மீதிப் பேர் "இதுவும் ஒரு செக்லிஸ்ட் போஸ்டர்"னு நினைச்சு நகர்ந்துடுவாங்க.

லேப்ல என் ஜூனியர் பொண்ணு ஒருத்தியோட எம்.எஸ்சி வேலை இது. காங்கேயம் பக்கம் மானாவாரி காடுகள்ல சுத்தி கிளுவை உயிர்வேலி வச்சிருப்பாங்கல்ல, அந்த வேலி அடி மண்ணுலயும், அதே காட்டுக்கு நடுவுல சோளம் போட்ட உழுத மண்ணுலயும் கணுக்காலிகள் எவ்வளவு இருக்குன்னு பார்த்தா. ஆறு காடு. டேட்டா அவளோடது, போஸ்டர் டிசைன் மட்டும் நான் கூட உட்கார்ந்து பண்ணேன். பேப்பர் இன்னும் வரலைங்கறதால எண்ணிக்கை எதையும் இங்க போட மாட்டேன், அவகிட்ட அப்படி சொல்லித்தான் பெர்மிஷன் வாங்கினேன். போஸ்டர் இங்கிலீஷ்ல, ஆனா அதுல இருந்த வாசகங்களை இங்க தமிழ்லயே சொல்றேன்.

முதல்ல தலைப்பு. அப்ஸ்ட்ராக்ட்ல அனுப்பின தலைப்பு இப்படி இருந்துச்சு: "காங்கேயம் வட்டார மானாவாரி நிலங்களின் கிளுவை உயிர்வேலிகளில் மண்வாழ் கணுக்காலிகளின் பன்மையும் எண்ணிக்கையும், ஓர் ஒப்பீட்டு ஆய்வு". அப்ஸ்ட்ராக்ட் புக்குக்கு இது போதும், தப்பே இல்ல. ஆனா இதுல ரிசல்ட் எங்க இருக்கு? நடந்து போறவர் இதைப் படிச்சு முடிச்சாலும் அவருக்குத் தெரிஞ்சது "இப்படி ஒரு வேலை நடந்திருக்கு"ங்கறது மட்டும்தான். அதனால போஸ்டர் மேல பெருசா வர்றது தலைப்பா இருக்கக்கூடாது, ரிசல்ட் வாக்கியமா இருக்கணும்னு முடிவு பண்ணோம். ஒரிஜினல் தலைப்பை அதுக்குக் கீழ சின்னதா போட்டோம், ஏன்னா அமைப்பாளர்கள் அப்ஸ்ட்ராக்ட் தலைப்பு அப்படியே இருக்கணும்னு செக் பண்ணுவாங்க. ரிசல்ட்டை நடுவுல பெருசா போடுங்கற ஸ்டைலை 2019-ல மைக் மாரிசன்னு ஒரு அமெரிக்க சைக்காலஜி ஆராய்ச்சி மாணவர் பரப்பினார், பல கான்ஃபரன்ஸ்ல இப்ப அந்த டெம்ப்ளேட்டை பார்க்கலாம். எனக்கு அந்த டெம்ப்ளேட் முழுசா பிடிக்காது, நடுவுல வெறும் எழுத்து மட்டும் இருந்தா நம்ம ஃபீல்டுல படம் பார்க்க வர்றவங்க ஏமாந்துடுவாங்க, ஆனா "ஒரே வாக்கியம், அதுவும் ரிசல்ட்"ங்கற ஐடியாவை மட்டும் எடுத்துக்கிட்டோம்.

அந்த ஒரு வாக்கியத்தை எழுதறதுதான் மொத்த வேலையிலயும் ரொம்ப நேரம் பிடிச்சது. அவ முதல்ல எழுதினது: "கிளுவை வேலி மண் உயிர்ப்பன்மையைக் காக்கிறது". கேட்க நல்லாத்தான் இருக்கு. நான் ஒவ்வொரு சொல்லா கேட்டேன். "பன்மை"ன்னு சொல்ல என்ன இருக்கு நம்மகிட்ட? ஆர்டர் லெவல்ல பிரிச்சிருக்கோம், சிலதை ஃபேமிலி வரைக்கும். ஆர்டர் லெவல்ல ஷானன் இண்டெக்ஸ் போட்டு பன்மை அதிகம்னு சொன்னா ஒரு டாக்ஸானமி ஆள் வந்து நிப்பார், அப்புறம் அந்த செஷன் முழுக்க அதுக்கு பதில் சொல்லியே போயிடும். சரி, பன்மை போச்சு, எண்ணிக்கை மட்டும். அடுத்து "காக்கிறது". வேலியை எடுத்துட்டு என்ன ஆகுதுன்னு நாம பார்க்கலையே, ரெண்டு இடத்தை ஒப்பிட்டோம், அவ்வளவுதான்.

இதுக்கு மேல எங்க கைடு மேடம் ஒரு கேள்வி கேட்டாங்க, அதுதான் பெரிய கேள்வி. "வேலி அடியில உழவு ஓட்ட மாட்டாங்க, சருகு கிடக்கும், நிழல் இருக்கும். மூணும் ஒரே இடத்துல இருக்கு. இதுல எது காரணம்னு உனக்குத் தெரியுமா?" தெரியாது. அதைப் பிரிச்சுப் பார்க்கணும்னா கல்லுக்கால் நட்டு கம்பி கட்டின வேலி அடியிலயும் மண்ணு எடுத்திருக்கணும், ஏன்னா அங்க உழவு கிடையாது, ஆனா சருகும் நிழலும் கிடையாது. இந்த டிசைன்ல அது இல்ல. அப்ப "கிளுவையால"ன்னு சொல்லவே கூடாது, "கிளுவை வேலி அடியில"ன்னு இடத்தை மட்டும் சொல்லலாம்.

கடைசியா ஒண்ணு பாக்கி, சீசன். எல்லா சாம்பிளும் வடகிழக்கு மழை சமயத்துல எடுத்தது. கிளுவை வறட்சியில இலை உதிர்த்துட்டு முள்ளும் குச்சியுமா நிக்கும், அப்ப மண்ணும் காஞ்சு கிடக்கும், இதுங்கள்ல நிறைய ஆழத்துக்குப் போயிடும் இல்லனா முட்டையா கிடக்கும். அதனால "மழைக்காலத்துல"ங்கற சொல் தலைப்புலயே இருக்கணும், கீழ ஃபுட்நோட்ல இல்ல. எல்லாம் சேர்ந்து கடைசியா வந்த வாக்கியம்:

"மழைக்காலத்துல கிளுவை வேலி அடி மண்ணுல, பக்கத்து உழுத மண்ணை விட ஸ்பிரிங்டெயிலும் மைட்டும் அதிகம்."

பார்க்க சாதாரண வாக்கியம்தான். ஆனா இதுல எங்க, எப்ப, எது, எதை விடன்னு நாலும் இருக்கு, யாரும் வந்து இடிக்க முடியாது. தலைப்பு எவ்வளவு சின்னதா இருக்கணும்னு ஒரு கணக்கும் போட்டுக்கலாம். ஏ-ஜீரோ நெட்டுவாக்குல வச்சா அகலம் 841 மி.மீ. 110 பாயிண்ட்ல இங்கிலீஷ் எழுத்து ஒண்ணு சராசரியா 19, 20 மி.மீ. அகலம் எடுக்கும், ரெண்டு பக்கமும் மார்ஜின் விட்டா ஒரு வரிக்கு 38 எழுத்து கிட்ட வரும். மூணு வரிக்கு மேல போனா ஒரே பார்வையில படிக்க முடியாது, அப்ப இடைவெளியையும் சேர்த்து 110 எழுத்துக்குள்ள வாக்கியத்தை முடிக்கணும். நாங்க ஒவ்வொரு சொல்லையும் சண்டை போட்டு வெட்டினது இதுக்குத்தான்.

அடுத்தது எந்த டேட்டாவை மேல வைக்கறதுங்கறது. அவ ரெண்டு மெத்தட்ல எடுத்திருந்தா. ஒண்ணு பிட்ஃபால், மண்ணு மட்டத்துக்கு கப்பைப் புதைச்சு வச்சு அதுல விழறதை எண்ணறது. இன்னொண்ணு மண் கோர் எடுத்து டல்க்ரென் ஃபனல்ல போடறது, மேல பல்பு, கீழ எழுபது சதவீத ஆல்கஹால், மண்ணு மேல இருந்து காய காய உள்ள இருக்கறதுங்க கீழ இறங்கி வலை வழியா விழும். பிட்ஃபால்லதான் பெரிய பெரிய உருப்படி இருந்துச்சு, தரை வண்டு, சிலந்தி, மரவட்டை எல்லாம், அதனால அதையே மெயின் கிராஃபா வைக்கலாம் அக்கான்னா. நான் வேண்டாம்னேன். கப்புல விழறது எண்ணிக்கையை மட்டும் காட்டாது, நடமாட்டத்தையும் சேர்த்துத்தான் காட்டும். வெறும் மண்ணுல ஒரு வண்டு சும்மா ஓடும், சருகுக்குள்ள தட்டுத்தடுமாறி போகும், அதனால வேலி அடியில நிஜமாவே நிறைய இருந்தாலும் கப்புல கம்மியா விழ வாய்ப்பிருக்கு. போதாததுக்கு ஒரு கப்பு எறும்புப் புத்துக்குப் பக்கத்துல அமைஞ்சுடுச்சுன்னா அந்த ஒரு கப்பே மொத்த கிராஃபையும் தூக்கி நிறுத்திடும். இதையெல்லாம் விளக்கிச் சொன்னாத்தான் கிராஃப் புரியும்னா அது அஞ்சு செகண்ட் கிராஃப் இல்ல. மண் கோர் அப்படி இல்ல, ஒரே அளவு மண்ணு, அதுல எத்தனை, அவ்வளவுதான். (ஃபனலுக்கும் குறை இருக்கு, மெதுவா நகர்ற ஜீவன் உள்ளயே காஞ்சு செத்துடும். ஆனா ரெண்டு மண்ணும் ஒரே மாதிரி ஃபனல்லதான் போகுது, அதனால ஒப்பீட்டுக்கு தாங்கும்.) பிட்ஃபால் கீழ் மூலையில ஒரு சின்ன டப்பாவுக்குப் போச்சு.

இப்ப கிராஃப். அவ போட்டிருந்தது வழக்கமான பார் சார்ட், ஏழெட்டு குரூப், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பார், மேல எரர் பார், அதுக்கு மேல ஏ, பி எழுத்து, பக்கத்துல லெஜண்ட். மைட் பார் உச்சிக்குப் போயிடுச்சு, சூடோஸ்கார்ப்பியன் பார் தரையோட ஒட்டிக்கிட்டு கண்ணுக்கே தெரியல. அதை சரி பண்ண லாக் ஸ்கேல் போட்டா, லாக் ஸ்கேலை நடந்துக்கிட்டே படிக்கற ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. இன்னொரு பிரச்சனை, எரர் பார் எல்லா கோரையும் தனித்தனி சாம்பிளா எண்ணிப் போட்டது. ஒரே காட்டுல பக்கத்து பக்கத்துல எடுத்த கோர் எல்லாம் தனித்தனி சாட்சி கிடையாது, இங்க சாம்பிள் எண்ணிக்கை, அதாவது n, ஆறுதான், காடு எத்தனையோ அத்தனை.

அதனால எல்லாத்தையும் எடுத்துட்டு சாய்கோட்டு கிராஃப் போட்டோம். இடது பக்கம் "வேலி அடி", வலது பக்கம் "உழுத மண்", ஒவ்வொரு காட்டோட சராசரியும் ரெண்டு புள்ளி, நடுவுல ஒரு கோடு. ஆறு காடு, ஆறு கோடு. ஸ்பிரிங்டெயிலும் மைட்டும் சேர்த்த எண்ணிக்கை மட்டும். அஞ்சு கோடு இடமிருந்து வலமா கீழ இறங்குது, அதைப் புரிஞ்சுக்க ஆக்சிஸ்ல இருக்கற எண்ணைக்கூட படிக்க வேண்டியதில்ல. அதோட n எவ்வளவுன்னு தனியா எழுதவும் வேண்டாம், கோட்டை எண்ணினா தெரிஞ்சுடும்.

ஒரு கோடு மட்டும் மேல ஏறுச்சு. அந்தக் காட்டுல உழவுக்கு முன்னாடி ஆட்டுப்பட்டி போட்டிருந்தாங்க, புழுக்கையும் மூத்திரமும் இறங்கின மண்ணு, நடுக்காட்டுல ஸ்பிரிங்டெயில் கொட்டிக் கிடந்துச்சு. அதை எடுத்துடலாமா, இல்ல வெளிர் கலர்ல மங்கலா போட்டுடலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு. நான் ஒத்துக்கல. மத்த கோடு எந்த கனமோ அதே கனம், பக்கத்துலயே "பட்டி போட்ட காடு"ன்னு ரெண்டு சொல். கடைசியில அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நிறைய பேர் நின்னாங்க. அஞ்சு கோடு ஒரு பக்கம் போக ஒண்ணு மட்டும் எதிர்ல போனா ஏன்னு கேட்கத்தானே தோணும். நாங்களா போய் "வாங்க சார், எக்ஸ்ப்ளெய்ன் பண்றேன்"னு கூப்பிட வேண்டியே வரல. பட்டி போட்டதுதான் காரணம்னு ஒரே காட்டை வச்சு அடிச்சு சொல்ல முடியாதுங்கறதையும் அவ சேர்த்தே சொன்னா, அதுவும் முக்கியம்.

ஆர்-ல போடறவங்களுக்கு ஒரு விஷயம். கிராஃபை சின்னதா எக்ஸ்போர்ட் பண்ணிட்டு போஸ்டர்ல இழுத்துப் பெருசாக்காதீங்க, அப்ப எழுத்து எத்தனை பாயிண்ட்னு உங்களுக்கே தெரியாம போயிடும். போஸ்டர்ல எத்தனை சென்டிமீட்டர்ல உட்காரப் போகுதோ அதே அளவுல எக்ஸ்போர்ட் பண்ணி நூறு சதவீதத்துல வச்சா, கோட்ல நீங்க எழுதின 36 பேப்பர்லயும் 36 பாயிண்ட்டாவே இருக்கும்.

```r
ggplot(d, aes(place, mean_count, group = farm)) +
  geom_line(linewidth = 4) +
  geom_point(size = 10) +
  labs(x = NULL, y = NULL) +
  theme_classic(base_size = 36) +
  theme(axis.text = element_text(size = 36))
ggsave("slope.pdf", width = 50, height = 40, units = "cm")
```

linewidth-ல 1-ன்னா ஏறக்குறைய 0.75 மி.மீ., அப்ப 4-ன்னா மூணு மி.மீ. கோடு. ஸ்கிரீன்ல பார்த்தா முரடா தெரியும், பரவாயில்ல, தூரத்துல இருந்து பார்க்கறப்ப சரியா இருக்கும். ஒய் ஆக்சிஸ் பெயரை செங்குத்தா வைக்காம கிராஃப் மேலயே "ஒரு மண் கோர்ல எத்தனை"ன்னு கிடைமட்டமா எழுதிட்டோம், தலையை சாய்ச்சுப் படிக்கற வேலை மிச்சம்.

சரி, தூரத்துல இருந்து தெரியுமான்னு பிரிண்ட் போடறதுக்கு முன்னாடியே எப்படி பார்க்கறது? இதுக்கு செலவே இல்லாத ஒரு வழி இருக்கு. ஏ-ஜீரோவோட உயரம் 1189 மி.மீ., ஏ-ஃபோரோட உயரம் 297, கரெக்டா நாலுல ஒண்ணு. அதனால போஸ்டரை ஏ-ஃபோர்ல பிரிண்ட் எடுத்து 75 செ.மீ. தள்ளிப் பிடிச்சா, ஹால்ல மூணு மீட்டர் தள்ளி நிக்கறவர் கண்ணுக்கு எப்படி தெரியுமோ அப்படியே தெரியும். 75 செ.மீ.ங்கறது ஏறக்குறைய கை முழுசா நீட்டின தூரம். அந்த தூரத்துல தலைப்பும் கிராஃபும் படிக்க முடியணும். அதே தாளை 30, 35 செ.மீ. கிட்ட கொண்டு வந்தா அது போர்டு முன்னாடி ஒண்ணே கால் மீட்டர்ல நிக்கற ஆளோட பார்வை, அப்ப மத்த எழுத்தும் படிக்க முடியணும். போஸ்டர்ல 24 பாயிண்ட் எழுத்து ஏ-ஃபோர்ல 6 பாயிண்ட் ஆயிடும், அதைப் படிக்க கண்ணை சுருக்கினீங்கன்னா ஹால்லயும் சுருக்கத்தான் போறாங்க. நாங்க பாடி எழுத்தை 32-க்கு கீழ விடல, அதுக்காக மெத்தட்ஸை நாலு வரியா வெட்ட வேண்டி வந்துச்சு, அதுல யாருக்கும் நஷ்டம் இல்ல.

தெரியுதாங்கறது ஒரு டெஸ்ட், புரியுதாங்கறது வேற டெஸ்ட். அந்த ஏ-ஃபோர் தாளை எடுத்துக்கிட்டு ஹாஸ்டல்ல சிவில் டிபார்ட்மெண்ட் பொண்ணுங்ககிட்டயும், லேப் அசிஸ்டெண்ட் அண்ணன்கிட்டயும் காட்டினோம். கை நீட்டிப் பிடிச்சு, மனசுக்குள்ள அஞ்சு எண்ணி, தாளைத் திருப்பிட்டு, "என்ன பார்த்தீங்க?"ன்னு ஒரே கேள்வி. "புரிஞ்சுதா?"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. முதல் ரவுண்டுல வந்த பதில் என்ன தெரியுமா, "சிலந்தி". ரெண்டு பேர் அதையே சொன்னாங்க. ஏன்னா வலது மேல் மூலையில ஓநாய்ச் சிலந்தியோட அருமையான மேக்ரோ போட்டோ ஒண்ணு இருந்துச்சு, எட்டு கண்ணும் மினுக்கிக்கிட்டு. தலைப்புல சிலந்தியே இல்ல, கிராஃப்லயும் இல்ல. போட்டோ நல்லா இருந்ததுதான் பிரச்சனையே. அதை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு ஸ்பிரிங்டெயில் போட்டோ வச்சோம். அடுத்த ரவுண்டுல அண்ணன், "வேலிக்குக் கீழ பூச்சி ஜாஸ்தி, உழுத எடத்துல கம்மி, ஒண்ணு மட்டும் தலைகீழா இருக்கு"ன்னார். அவர் பூச்சின்னு சொன்னது எங்களுக்குப் போதும், மைட் பூச்சி இல்லன்னு சண்டை போட வேண்டிய இடம் அது இல்ல.

ஸ்பிரிங்டெயில் போட்டோவுல இன்னொரு சிக்கல் இருக்கு, இந்த சப்ஜெக்ட்டுக்கே உரிய சிக்கல். ரெண்டு மி.மீ. ஜீவனை இருபது செ.மீ.க்குப் பெருசாக்கிப் போட்டா பார்க்கறவர் அது ஏதோ விரல் தண்டி புழுன்னு நினைச்சுப்பார். ஸ்கேல் பார் போட்டா ரிசர்ச்சர்ஸுக்குப் புரியும், மத்தவங்க கண்ணுல அது படவே படாது. அதனால போட்டோவுக்குப் பக்கத்துல நிஜ அளவுல, ரெண்டு மி.மீ. நீளத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டு வச்சு "நிஜ அளவு இவ்வளவுதான்"னு எழுதினோம். ஸ்கேல் பாரும் இருந்துச்சு, ஆனா கிட்ட வந்த எல்லாரும் விரலை வச்சு தொட்டுப் பார்த்தது அந்தப் பொட்டைத்தான். மைட்டுக்கு ஒரு மி.மீ.க்கும் சின்னதா ஒரு புள்ளி, பிரிண்ட்ல அழுக்குன்னு நினைச்சுடக் கூடாதுன்னு சுத்தி மெல்லிசா ஒரு வட்டம். போட்டோ ரெசல்யூஷன் ரொம்ப கவலைப்பட வேண்டாம், இருபது செ.மீ. அகலத்துக்கு 150 டிபிஐ-ன்னா 1200 பிக்சல் போதும், ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் கேமராவுல அது வந்துடும். ஆனா பவர்பாயிண்ட் தானாவே படத்தை கம்ப்ரெஸ் பண்ணும், `File > Options > Advanced`-ல `Do not compress images in file` டிக் பண்ணிட்டு ஆரம்பிங்க. சைஸும் முதல்லயே `Slide Size`-ல 84.1, 118.9 செ.மீ.ன்னு குடுத்துடணும், கடைசியில மாத்தினா எல்லாம் இடம் மாறி உசுரை வாங்கும்.

கலர்ல எல்லாருக்கும் தோணறதுதான் எங்களுக்கும் தோணுச்சு, வேலிக்குப் பச்சை, மண்ணுக்குப் பழுப்பு. அர்த்தம் சரிதான், ஆனா சிவப்பு பச்சை பிரிச்சுப் பார்க்க முடியாதவங்களுக்கு ஒரே அழுத்தத்துல இருக்கற பச்சையும் பழுப்பும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். கலரை மாத்தாம வெளிச்சத்தை மாத்தினோம், கரும்பச்சை, அதுக்கு எதிர்ல வெளுத்த மணல் நிறம். சரியா வந்திருக்கான்னு பார்க்க ஏ-ஃபோரை சாதாரண ஜெராக்ஸ் எடுங்க, கறுப்பு வெள்ளையில ரெண்டும் தனித்தனியா தெரிஞ்சா போதும். பின்னணி வெள்ளை. வேலியோட போட்டோவை போஸ்டர் முழுக்க பின்னணியா போட்டு அது மேல எழுதற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, கிளுவை முள்ளு மேல எழுத்தை வச்சா எது முள்ளு எது எழுத்துன்னு தேடணும்.

எதை எந்த உயரத்துல வைக்கறதுங்கறதும் இருக்கு. போர்டுல மாட்டினா நெட்டுவாக்கு போஸ்டரோட அடிப்பாகம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேல வந்து நிக்கும், ஹால்ல கூட்டம் இருந்தா முன்னாடி நிக்கறவங்க உடம்பு கீழ்ப் பாதியை மறைச்சுடும். அதனால தலைப்பு, கிராஃப், ஸ்பிரிங்டெயில் மூணும் மேல் பாதியிலயே முடிஞ்சுடணும். கீழ்ப் பாதியில சாம்பிள் எடுத்த விதம், பிட்ஃபால் டப்பா, அப்புறம் "இந்த டேட்டா சொல்லாதது"ன்னு ஒரு கட்டம், அதுல கம்பிவேலி பார்க்கல, கோடை பார்க்கல, ஸ்பீசிஸ் லெவல் பார்க்கலன்னு மூணே வரி. இந்தக் கட்டத்தை வைக்க அவளுக்கு பயம், நாமளே குறையை எழுதித் தரணுமாக்கான்னா. மதிப்பெண் போட வந்த ரெண்டு பேராசிரியருமே அதைப் படிச்சுட்டு, கேட்க வந்த கேள்வியை விட்டுட்டு கம்பிவேலியில எப்படி சாம்பிள் எடுக்கலாம்னு பேச ஆரம்பிச்சாங்க.

பிரிண்ட் கடை பத்தி கொஞ்சம். ப்ளெக்ஸ் கடையில ஏ-ஜீரோன்னு சொன்னா பல இடத்துல "மூணுக்கு நாலா?"ன்னுதான் கேட்பாங்க. மூணுக்கு நாலு அடிங்கறது 914-க்கு 1219 மி.மீ., விகிதமே வேற. ஃபைலை அதுக்கு இழுத்துப் பொருத்தினா எல்லாம் அகலவாக்குல கொஞ்சம் வீங்கும், நிஜ அளவுப் பொட்டு நிஜ அளவா இருக்காது. நூறு சதவீதத்துல போடுங்க, சுத்தி வெள்ளை வந்தா வெட்டிக்கலாம்னு சொல்லிடணும், பிரிண்ட் வந்ததும் ஸ்கேல் வச்சு அளந்துடணும். ஃபைலை பிடிஎஃப்-ஆ குடுங்க, பவர்பாயிண்ட்டாவே குடுத்தா அவங்க கம்ப்யூட்டர்ல நம்ம ஃபாண்ட் இல்லாம வரி எல்லாம் உடைஞ்சுடும். பளபளன்னு இருக்கற மெட்டீரியல் வேண்டாம், ஹால் ட்யூப்லைட் எல்லாம் அதுல தெரிஞ்சு கிராஃப் தெரியாது, மேட் கேளுங்க. ஸ்கிரீன்ல பளிச்சுன்னு இருக்கற பச்சை பிரிண்ட்ல செத்துப் போய் வரும், கரும்பச்சை கறுப்பாவே வந்துடலாம். போஸ்டர்ல ஒரு அடி அகலத் துண்டை மட்டும் முதல்ல போட்டுக் குடுங்கண்ணான்னு கேட்டா பெரும்பாலும் போட்டுக் குடுப்பாங்க. எங்க துண்டுல பச்சை இருட்டா வந்துச்சு, ஒரு படி வெளிச்சம் ஏத்தி மறுபடி குடுத்தோம்.

கான்ஃபரன்ஸ் முடிஞ்சு, மண்ணு எடுக்க காடு குடுத்தவங்களுக்குக் காட்டணும்னு அதே போஸ்டரை தமிழ்ல பண்ணோம், அதுல சில விஷயம் புதுசா தெரிஞ்சுது. தமிழ்ல சொல் நீளம், 110 பாயிண்ட்ல அதே வாக்கியம் நாலு வரிக்குப் போச்சு. எழுத்தை சின்னதாக்க முடியாது, ஏன்னா ணை, றி, ஞ மாதிரி சுழி உள்ள எழுத்து தூரத்துல இருந்து அப்பிக்கிட்டு தெரியும், இங்கிலீஷ் 32-ல படிக்கற தூரத்துக்கு தமிழ் 36, 38 வேணும், எழுத்துக்கு மேல வர்ற குறியும் கீழ இறங்கற குறியும் மோதாம இருக்க வரி இடைவெளியும் கொஞ்சம் கூட வேணும். அதனால வாக்கியத்தையே மாத்தி எழுதினோம்: "மழைக்காலத்துல கிளுவை அடி மண்ணுல பொடி உயிருங்க அதிகம், உழுத மண்ணுல கம்மி." ஸ்பிரிங்டெயில், மைட்டுங்கற ரெண்டு பெயரும் போட்டோவுக்குக் கீழ போயிடுச்சு. பிட்ஃபால் டப்பாவை எடுத்துட்டு, சருகுல இருந்து ஒரு ஸ்பிரிங்டெயிலை ஊதினா வயித்துக்கடியில மடிச்சு வச்சிருக்கற வாலைத் தட்டி எப்படி எகிறும்னு மூணு கட்டப் படம் வரைஞ்சு வச்சோம்.

ஒரு காட்டுக்காரர், அவர்தான் பட்டி போட்டவர், கிராஃப்ல அவரோட கோட்டை நாங்க காட்டறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டார். "இது நம்முளுதுங்களா? அப்ப வேலியை எடுத்துட்டு பட்டி போட்டாப் போதுமுங்களா?"ன்னார். ஜூனியர் ஒரு நிமிஷம் முழிச்சுட்டு, பட்டி எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா போடுவீங்கன்னு திருப்பிக் கேட்டா. ஒவ்வொரு வருஷமும் ஆடு கிடைக்காதுங்கன்னார். அப்ப பட்டி போட்டு எத்தனை மாசம் வரைக்கும் இந்த எண்ணிக்கை நிக்கும்னு எங்களுக்குத் தெரியாதுங்கண்ணா, அதுக்கு உங்க காட்டுலயே கோடையில மறுபடி மண்ணு எடுக்கணும்னா. எடுத்துக்கோங்க, ஆனா கிளுவைக்கு அந்தண்டை கல்லுக்கால் நடப் போறேன், அதுக்கு முன்னாடி வந்துடுங்கன்னார். இப்ப அவ கம்பிவேலி சாம்பிளையும் அங்கயே எடுக்கலாம்னு பிளான் போட்டுட்டு இருக்கா.